30 சதவீதம் என்பது பரப்பளவு அல்ல: க்யூஆர் கோடின் நிறமும் நடுவில் வைக்கும் லோகோவும்

நண்பர் ஒருவரின் டிபன் கடைக்கு மேசை அட்டை செய்து கொடுத்தேன். மூன்று சென்டிமீட்டர் க்யூஆர் கோடு. மஞ்சள் பின்னணியில் குங்குமச் சிவப்புக் கட்டங்கள், நடுவில் கடையின் டபரா செட் லோகோ. கணினித் திரையில் வைத்துப் பார்த்தபோது என் போன் உடனே படித்தது. அச்சடித்து, லாமினேட் செய்து மேசையில் வைத்த பிறகு சிக்கல் தொடங்கியது. பகலில் பரவாயில்லை. சாயங்காலம் டியூப் லைட் போட்டதும் வாடிக்கையாளர்கள் போனை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "மெனு கார்டு இருந்தா குடுங்கண்ணே" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

முதலில் நிறத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன். நிறம் காரணமே இல்லை. லோகோவின் அளவுதான் காரணம், அதிலும் நான் ஒரு சதவீதக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டதுதான். கோடு உருவாக்கும் தளங்களில் எல்லாம் "H அளவு பிழைதிருத்தம்: 30%" என்று போட்டிருக்கும். கோடின் பரப்பில் 30 சதவீதம் வரை மறைக்கலாம் என்று நான் நினைத்தேன். நான் மறைத்தது 15 சதவீதம்தான், அதாவது பாதி. பாதிக்குப் பாதி மிச்சம் இருக்கும்போது ஏன் படிக்கவில்லை?

அந்த 30 சதவீதம் எதற்காக வந்தது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். க்யூஆர் கோடை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹரா குழுவினர் உருவாக்கினார்கள். கார் உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக வந்த கோடு அது. தொழிற்சாலையில் எண்ணெய் படும், அழுக்கு ஒட்டும், மூலை கிழியும். அப்படிக் கெட்டுப்போன கோடையும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் தரவோடு சேர்த்து உபரித் தரவையும் உள்ளே வைத்தார்கள். லோகோ வைப்பதற்கென்று தனி இடம் எதுவும் அதில் இல்லை. படிக்கும் செயலிக்கு உங்கள் லோகோவும் ஓர் எண்ணெய்க் கறைதான். கறைக்கென்று ஒதுக்கிய சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் லோகோவுக்குச் செலவழிக்கிறோம்.

அந்தச் சேமிப்பு எவ்வளவு என்று நண்பரின் கடைக் கோடை வைத்தே பார்க்கலாம். உண்மையான முகவரிக்குப் பதில் அதே நீளத்தில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: `https://example.com/menu/tiruchi`. இதில் 32 எழுத்துகள். மிகக் குறைந்த பிழைதிருத்தமான L போதும் என்றால் இது 25க்கு 25 கட்டங்கள் உள்ள வெர்ஷன் 2இல் அடங்கிவிடும். H வேண்டும் என்றால் 33க்கு 33 உள்ள வெர்ஷன் 4க்குப் போக வேண்டும், அதன் கொள்ளளவு 34 எழுத்துகள். சுற்றிலும் விட வேண்டிய நான்கு கட்ட வெற்றிடத்தையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு 41 கட்டங்கள். மூன்று சென்டிமீட்டரை 41ஆல் வகுத்தால் ஒரு கட்டம் 0.73 மில்லிமீட்டர். L ஆக இருந்திருந்தால் 0.91 மில்லிமீட்டர் கிடைத்திருக்கும். அப்படியென்றால் H இலவசமாக வருவதில்லை. லோகோ வைக்கும் முன்பே கட்டங்கள் சிறுத்துவிடுகின்றன, தூரத்திலிருந்து படிப்பது அந்த அளவுக்குக் கடினமாகிறது.

இனி உள்ளே போகலாம். வெர்ஷன் 4 கோடில் மொத்தம் 100 பைட்டுகள். ஒரு பைட் என்பது எட்டுக் கட்டங்கள், பெரும்பாலும் இரண்டு கட்ட அகலமும் நான்கு கட்ட உயரமுமாக அடுக்கப்பட்டிருக்கும். H அளவில் இந்த நூறும் 25 பைட் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரிகின்றன. ஒவ்வொரு குழுவிலும் 9 பைட் உங்கள் தரவு, 16 பைட் உபரி. ஒரு பிழையைச் சரிசெய்ய இரண்டு உபரி பைட் தேவை, ஏனென்றால் எது கெட்டது என்றும் கண்டுபிடிக்க வேண்டும், சரியான மதிப்பு என்ன என்றும் கண்டுபிடிக்க வேண்டும். லோகோ எங்கே இருக்கிறது என்று செயலிக்கு யாரும் சொல்லவில்லை அல்லவா? ஆக ஒரு குழுவில் 8 பைட் வரை கெடலாம். ஒன்பதாவது கெட்டால் அந்தக் குழு போச்சு. மற்ற மூன்று குழுக்களும் முழுசாக இருந்தாலும் பயனில்லை, மொத்தக் கோடும் படிக்காது.

நான்கு குழுக்களுக்கும் சேர்த்து நூறில் 32 பைட். அந்த 30 சதவீதம் இங்கிருந்துதான் வருகிறது. அது பைட்டுகளின் சதவீதம், பரப்பின் சதவீதம் அல்ல. ஒரு பைட்டின் எட்டுக் கட்டங்களில் ஒன்று தவறாகத் தெரிந்தாலும் அந்தப் பைட் கெட்டதுதான், எட்டும் தவறாக இருந்தாலும் அதே ஒரு கணக்குதான். ஆகவே லோகோவின் ஓரம் எந்தெந்தப் பைட்டுகளை உரசிக்கொண்டு போகிறதோ அவை எல்லாம் செலவுக் கணக்கில் ஏறிவிடும்.

நான் வைத்த லோகோ 13க்கு 13 கட்டங்கள், அதாவது 169. மொத்தக் கட்டங்கள் 1089. பரப்பில் 15.5 சதவீதம். ஆனால் கட்டங்கள் அடுக்கப்படும் பாதையை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து எண்ணினால், நடுவில் இருக்கும் அந்தச் சதுரம் ஏழு நெடுவரிசைப் பட்டைகளைத் தொடுகிறது, ஒவ்வொரு பட்டையிலும் நான்கு பைட். மொத்தம் 28. பைட்டுகள் குழுக்களுக்கு மாறி மாறிப் போவதால் ஒரு குழுவுக்குச் சரியாக 7. எட்டு வரை தாங்கும் இடத்தில் ஏழை நானே செலவழித்துவிட்டேன். மிச்சம் ஒன்றே ஒன்று.

திரையில் அந்த ஒன்று போதும், அங்கே கறையும் இல்லை, பளபளப்பும் இல்லை. மேசையில் லாமினேஷன் மேல் டியூப் லைட் ஒரு வெள்ளைக் கோடாகப் பிரதிபலித்தது. மூன்று மில்லிமீட்டர் அகலப் பளபளப்பு என்றால் நான்கு கட்டங்கள். அது விழும் இடத்தில் இரண்டு மூன்று பட்டைகளில் தலா ஓரிரு பைட் கெட்டுவிடும், அவற்றில் இரண்டு ஒரே குழுவில் மாட்டினால் முடிந்தது. வாடிக்கையாளர் போனைச் சாய்க்கும்போது பளபளப்பு நகர்கிறது, சில கோணங்களில் தப்பித்துப் படித்துவிடுகிறது. அதனால்தான் சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை.

இதையே 15க்கு 15 ஆக்கினால் பரப்பில் 20.7 சதவீதம்தான் ஆகும். ஆனால் மூன்று குழுக்களில் எட்டு பைட் வீதமும், நான்காவதில் பன்னிரண்டு வரையும் தொடப்படுகின்றன. பெரும்பாலும் எங்கேயும் படிக்காது. எப்போதாவது படித்துவிடுவதும் உண்டு, அது அதிர்ஷ்டம். லோகோவுக்கு அடியில் இருக்கும் வெளிர் பின்னணியை செயலி வெள்ளைக் கட்டங்களாக எடுத்துக்கொள்கிறது. அங்கே இருந்திருக்க வேண்டிய கட்டமும் வெள்ளை என்றால் இழப்பு இல்லை. ஒரே ஒரு கட்டம் மட்டும் உரசப்பட்ட பைட் பிழைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முழுதும் மூடப்பட்ட பைட்டுக்கு 256இல் ஒன்று. "அதே லோகோ போன தடவை வேலை செய்ததே" என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலே உள்ளே கட்டங்களின் அமைப்பு மாறிவிடும், விளிம்பில் நின்ற அதிர்ஷ்டமும் அதோடு மாறிவிடும்.

9க்கு 9 என்றால் மொத்தம் 17 பைட் தொடப்படுகின்றன, எந்தக் குழுவிலும் ஐந்துக்கு மேல் இல்லை. மூன்று மிச்சம். பரப்பில் இது 7.4 சதவீதம் மட்டுமே, பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். நான் இப்போது இந்த வெர்ஷனுக்கு இதற்கு மேல் போவதில்லை. லோகோ பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் மொத்தக் கோடையும் பெரிதாக அச்சடிக்க வேண்டும், கோடுக்குள் லோகோவின் பங்கைக் கூட்டக் கூடாது.

இந்தச் சேமிப்பே இல்லாத இடங்களும் கோடில் உண்டு. மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களைத்தான் செயலி முதலில் தேடுகிறது. குறுக்கே எந்தக் கோணத்தில் போனாலும் கருப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும் இடம் அது. அச்சடித்த தாள்களில் எழுத்திலும் படத்திலும் அரிதாக வரும் விகிதம் எது என்று தேடித்தான் டென்சோ குழு அதைத் தேர்ந்தெடுத்தது. இந்தச் சதுரங்களைப் பிழைதிருத்தம் காப்பாற்றாது. இவை தெரியவில்லை என்றால் அங்கே கோடு இருப்பதே செயலிக்குத் தெரியாது. இவற்றைப் பூவாகவும் இதயமாகவும் மாற்றும் வடிவமைப்புகளைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாகத்தான் இருக்கும். மூலையை லேசாக வளைக்கலாம், விகிதத்தைத் தொடக் கூடாது. சுற்றியுள்ள நான்கு கட்ட வெற்றிடமும் இதே வகைதான். அட்டையில் இடம் பத்தவில்லை என்று அதற்குள் கோலமும் பார்டரும் நுழைந்தால், மூலைச் சதுரம் பக்கத்து வடிவத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

லோகோவுக்கு நடு இடம்தானே பாதுகாப்பு என்று கேட்கலாம். வெர்ஷன் 6 வரை ஆமாம். வெர்ஷன் 7 முதல் 13 வரை கோடின் நட்ட நடுவில் ஒரு சிறிய ஒழுங்குச் சதுரம் வந்து உட்கார்ந்துவிடும், வளைந்த பரப்பில் ஒட்டிய கோடை நேராக்கிப் படிக்க உதவுவது அது. போன் செயலிகள் பலவும் அது இல்லாமல் சமாளித்துவிடும் என்றாலும், பாட்டிலிலும் டப்பாவிலும் ஒட்டும் கோடில் அதை மூடுவது நல்லதல்ல. H அளவில் வெர்ஷன் 6இன் எல்லை 58 எழுத்துகள். `upi://pay?pa=kadai@bank&pn=Kadai%20Peyar&cu=INR` என்ற எளிய யூபிஐ வரியே 47 எழுத்து வருகிறது. தொகை, குறிப்பு என்று சேர்த்துக்கொண்டே போனால் 58ஐத் தாண்டிவிடும். இணைய முகவரியிலும் அப்படித்தான், பின்னால் நீளமாகத் தொங்கும் கண்காணிப்புக் குறிகளை வெட்டினாலே ஒன்றிரண்டு வெர்ஷன் இறங்கும்.

சரி, நிறத்துக்கு வருவோம். நண்பர் முதலில் கேட்டது மஞ்சள் பின்னணி அல்ல. வாழை இலைப் பச்சையில் சிவப்புக் கட்டங்கள் வேண்டும் என்றார். கண்ணுக்கு அது பளிச்சென்று இருந்தது. ஆனால் படிக்கும் செயலிகள் பொதுவாக நிறத்தைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தின் அளவை மட்டும்தான் பார்க்கின்றன. கேமரா படத்தை முதலில் சாம்பல் நிறமாக்கிக்கொள்கின்றன. அதற்கான வழக்கமான கணக்கு இது:

```
Y = 0.299*R + 0.587*G + 0.114*B
```

கருப்புக்கு 0, வெள்ளைக்கு 255. சுத்தமான சிவப்புக்கு (255, 0, 0) 76 வருகிறது. நண்பர் கேட்ட பச்சைக்கு (0, 160, 0) 94. வித்தியாசம் வெறும் 18. பல செயலிகளுக்கு அடிப்படையாக இருக்கும் ZXing என்ற திறந்த மூல நூலகம் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்குள் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் 24க்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் அதை வெற்றுப் பரப்பாக எடுத்துக்கொள்கிறது. நம் கண்ணுக்கு அடிக்கும் சிவப்பும் பச்சையும் அதற்கு ஒரே சாம்பல்.

மஞ்சள் (255, 213, 79) என்றால் 210. அதன் மேல் குங்குமச் சிவப்பு (200, 16, 46) 74. இடைவெளி 136, தாராளம். மெரூன் (128, 0, 0) 38தான் வரும், அது இன்னும் நல்லது. காவி (255, 153, 51) 172 வருகிறது, ஆகவே அது கட்டத்துக்கு ஆகாது, பின்னணிக்குத்தான் சரி. இந்தக் கணக்கைப் போட நேரமில்லை என்றால் வடிவமைத்த படத்தைப் போனிலேயே கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கட்டங்கள் அடர்ந்த சாம்பலாகவும் பின்னணி கிட்டத்தட்ட வெள்ளையாகவும் தெரிந்தால் போதும். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஊதா என்று மெல்ல மாறும் நிறக்கலவையும் பிரச்சினை இல்லை, ஏனென்றால் ஒப்பீடு அந்தந்த இடத்துச் சுற்றுவட்டாரத்தோடுதான் நடக்கிறது. இரண்டு நிறமும் இருட்டாக இருந்தால் போதும்.

கல்யாணப் பத்திரிகைகளில் மெரூன் அட்டையில் தங்க நிறக் கோடு கேட்பார்கள். வெளிச்ச இடைவெளி நன்றாகவே இருக்கும், ஆனால் தலைகீழ்: கட்டம் வெளிர், பின்னணி இருட்டு. தலைகீழ்க் கோடை இன்றைய போன்கள் பல படித்துவிடும், ஆனால் ZXingஇல் அது தனியாக இயக்கினால்தான் வேலை செய்யும் அமைப்பு. எந்த விருந்தினர் எந்தச் செயலியில் படிப்பார் என்று நமக்குத் தெரியாது. தங்கம் உண்மையான ஃபாயில் என்றால் இன்னும் மோசம். கண்ணாடி மாதிரி அது எதிரில் இருப்பதைக் காட்டும், விளக்கு விழுந்தால் வெள்ளை, இருட்டு அறையைப் பார்த்தால் கருப்பு. ஃபாயிலைச் சுற்றுக் கரைக்கு வைத்துக்கொண்டு, வெளிர் பட்டையின் மேல் மெரூன் மையில் கோடை அச்சடிப்பதுதான் நான் சொல்லும் வழி.

சிவப்பில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. நுழைவாயிலிலும் பில் கவுண்டரிலும் இருக்கும் சில கையடக்க ஸ்கேனர்கள் சிவப்பு விளக்கை அடித்துப் படிக்கும். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை வெள்ளையாகத் தெரியும், கோடு காணாமல் போய்விடும். மெனு அட்டைக்கு இது பொருட்டல்ல, வாடிக்கையாளர் போனில்தான் படிக்கிறார். டிக்கெட்டிலும் கூப்பனிலும் கோடு சிவப்பாக இருக்கக் கூடாது, கருப்பு அல்லது கருநீலம் போடுங்கள்.

நண்பரின் கடைக்கு இரண்டாவது அட்டையை பைத்தானில் `segno` நூலகத்தை வைத்துச் செய்தேன், எந்த வெர்ஷன் வருகிறது என்று அதுவே சொல்லிவிடும்:

```python
import segno
qr = segno.make("https://example.com/menu/tiruchi", error="h")
print(qr.designator)   # 4-H
qr.save("menu.svg", dark="#6b0f1a", light="#ffe9a8",
        border=4, scale=10)
```

கட்டத்தின் வெளிச்சம் 44, பின்னணி 232. SVG ஆகச் சேமித்ததால் அச்சகத்தில் பெரிதாக்கும்போது ஓரங்கள் மங்கவில்லை. பக்கம் நான்கு சென்டிமீட்டர், அதனால் ஒரு கட்டம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆனது. நடுவில் 9க்கு 9 கட்டங்களைச் சரியாகக் கட்ட எல்லையோடு பொருத்திப் பின்னணி நிறத்தால் மூடி, அதற்குள் ஒரு கட்டம் இடைவெளி விட்டு டபரா செட்டை வைத்தேன். லோகோவின் ஓரம் கட்டங்களைப் பாதியில் வெட்டினால் செயலி அந்தப் பாதியை எப்படிப் படிக்கும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் எல்லையோடு பொருத்துவது. லாமினேஷன் பளபளப்பு இல்லாத மேட் வகை.

இந்த முறை சோதனையை மாற்றினேன். படிக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தேன். அச்சடித்த பிரதியின் மேல், லோகோவையும் மூலைச் சதுரங்களையும் விட்டுவிட்டு, மூன்று மில்லிமீட்டர் சதுர வெள்ளைக் காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து ஒவ்வொரு முறையும் படித்தேன். பழைய அட்டையில் முதல் துண்டிலேயே படிப்பது நின்றுவிட்டது. புதியதில் இரண்டு துண்டுகள் வைத்தும் படித்தது, மூன்றாவதை வைத்த இடத்தைப் பொறுத்து சில தடவை நின்றது. இதை நண்பரின் பழைய ஆண்ட்ராய்ட் போன், அவர் மகளின் ஐபோன், என் போன் மூன்றிலும், கடைக்குள் டியூப் லைட்டுக்கு நேர்கீழே இருக்கும் மேசையில், சாயங்காலம் ஏழு மணிக்குச் செய்தோம்.